கையெழுத்துக்குப் பிறகு 60 நாள்

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஆடிட்டர் அறிக்கை சில பக்கங்கள்தான் இருக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில் பார்ட்னரின் கையெழுத்து, உறுப்பினர் எண், ஊர், தேதி. அந்தத் தேதியோடு ஆடிட் முடிந்தது என்று பங்குதாரர் நினைப்பார். கம்பெனி முதலாளியும் அப்படித்தான் நினைப்பார், பில் வந்துவிடுகிறதே. ஆடிட்டர் அலுவலகத்தில் மட்டும் அன்றிலிருந்து புதிதாக இரண்டு கெடுக்கள் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று 60 நாள், இன்னொன்று 7 வருடம்.

இரண்டுமே பணித்தாள்களுக்கானவை. ஆடிட் நடந்த வாரங்களில் சேர்ந்த தாள்கள் அவை: சரக்கை எண்ணிய பட்டியல், வங்கி அனுப்பிய இருப்புக் கடிதம், கடன்காரர்கள் 'ஆமாம், இவ்வளவு தர வேண்டும்' என்று ஒப்புக்கொண்ட மின்னஞ்சல், தேய்மானத்தை மறுபடி போட்டுப் பார்த்த எக்செல் தாள், பார்ட்னர் கேட்ட கேள்விகளும் அதற்கு வந்த பதில்களும். பங்குதாரர் இவற்றைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இவைதான். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 230 இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. அந்த ஆடிட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அனுபவமுள்ள வேறொரு ஆடிட்டர் ஃபைலை மட்டும் படித்துவிட்டு, என்ன செய்தார்கள், என்ன கிடைத்தது, எப்படி இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் விளக்குவது மட்டும் போதாது என்றும் அதே தரநிலை சொல்கிறது.

அறிக்கையின் தேதியிலிருந்து சாதாரணமாக 60 நாளுக்குள் இந்த ஃபைலைக் கட்டி முடித்துவிட வேண்டும். பிறகு அதிலிருந்து ஒரு தாளைக்கூட எடுக்க முடியாது. விதி இவ்வளவுதான். சிக்கல் முழுவதும் அந்த 60 நாளில் என்ன செய்யலாம் என்பதில் இருக்கிறது. 'பாக்கி வேலையை முடிக்க 60 நாள் கிடைத்திருக்கிறது' என்று பல அலுவலகங்கள் எடுத்துக்கொள்கின்றன. அப்படி இல்லை. வேலை எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் கையெழுத்தே போட முடிந்தது. இந்த நாட்கள் முடிந்த வேலையை அடுக்கிவைக்க மட்டும்.

கற்பனையாக ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். கோவைக்குப் பக்கத்தில், குடும்பத்தார் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2025 மார்ச் 31-ல் முடிந்த ஆண்டுக்கான ஆடிட் அறிக்கையில் பார்ட்னர் ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்திடுகிறார். 60-வது நாள் அக்டோபர் 11, சனிக்கிழமை. செப்டம்பர் முதல் வாரத்தில், அங்கே போய் வேலை பார்த்த ஆர்டிக்கிள் மாணவர் ஃபைலைக் கட்ட உட்காருகிறார். மேஜையில் நான்கு விஷயங்கள் நிற்கின்றன.

முதலாவது, மார்ச் 31 அன்று குடோனில் பஞ்சு பேல்களை எண்ணிய தாள். கையால் எழுதியது, எண்ணியவரும் குடோன் பொறுப்பாளரும் அன்றே கையெழுத்திட்டது. இன்னும் ஸ்கேன் ஆகவில்லை, எண்ணும் போடவில்லை. ஸ்கேன் செய்து, எண் கொடுத்து, சரக்கு மதிப்புத் தாளோடு இணைப்புக் குறி போட்டு உள்ளே வைக்கலாம். இதற்காகத்தான் இந்த 60 நாளே.

இரண்டாவது, 86 லட்சம் ரூபாய் தர வேண்டிய ஒரு வாடிக்கையாளர் ஆகஸ்ட் 5 அன்றே தொகையை ஒப்புக்கொண்டு நேரடியாக ஆடிட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். பில்களில் இருந்த சிறு வித்தியாசத்தைப் பற்றி மேனேஜரும் பார்ட்னரும் மறுநாள் பேசி, சரிதான் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அதை யாரும் எழுதிவைக்கவில்லை. இப்போது எழுதலாம். அறிக்கைத் தேதிக்கு முன்பே ஆதாரம் கையில் வந்து, குழுவுக்குள் பேசி ஒத்துக்கொண்ட விஷயம் என்றால் அதைப் பதிவு செய்ய விதி இடம் தருகிறது. ஒரே நிபந்தனை: எழுதிய தேதியைச் செப்டம்பர் 3 என்றே போட வேண்டும். யார் வேலை செய்தார், எப்போது முடித்தார், யார் சரிபார்த்தார், எப்போது என்ற நான்கும் ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும் என்பது தரநிலை. பேசியது ஆகஸ்ட் 6, எழுதியது செப்டம்பர் 3 என்று இருந்தால் அதில் குற்றமில்லை. எழுதியதும் ஆகஸ்ட் 6 என்று போட்டால் அது பொய்.

மூன்றாவது, இயந்திரங்களின் தேய்மானக் கணக்கு; மூன்று வரைவுகள். முதல் இரண்டில் கூட்டல் பிழை, மூன்றாவது சரியானது. முதல் இரண்டையும் எறிந்துவிடலாம், மாற்று வந்துவிட்ட பழைய வரைவுகள் ஃபைலில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது வரைவின் ஓரத்தில் மேனேஜர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: பழைய கார்டிங் மெஷின் ஆறு மாதமாக ஓடவே இல்லை, அதன் மதிப்பைக் குறைக்க வேண்டாமா? பார்ட்னர் முதலாளியிடம் பேசி, குறைக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தார். இப்போது அந்தத் தாள் வெறும் பழைய வரைவு அல்ல. முக்கியமான ஒரு விஷயத்தில் இறுதி முடிவுக்கு எதிரான தகவல் கிடைத்தால், அதை எப்படித் தீர்த்தோம் என்று ஃபைல் சொல்ல வேண்டும். தொகை பெரிதாக இருந்தால் அந்தக் கேள்வியும் பதிலும் உள்ளே இருந்தே ஆக வேண்டும். கூட்டல் பிழையை எறியலாம், சந்தேகத்தை எறியக் கூடாது.

நான்காவதுதான் வில்லங்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி 42 லட்சம் ரூபாய் தர வேண்டும். கடிதம் அனுப்பியும் பதில் இல்லை. பதில் வராவிட்டால் மாற்று வழி உண்டு: ஏப்ரலுக்குப் பிறகு வந்த வங்கி வரவுகளைப் பார்த்து, அந்தப் பணம் உண்மையில் வந்ததா என்று பில் வாரியாகச் சரிபார்க்க வேண்டும். ஆடிட் அவசரத்தில் அது விட்டுப்போயிருக்கிறது. இப்போது என்ன தோன்றும்? வங்கி அறிக்கையைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரத்தில் டிக் அடித்து, மேலே ஜூலை மாதத் தேதி ஒன்றைப் போட்டு உள்ளே செருகத் தோன்றும். வங்கி அறிக்கை ஜூலையிலேயே இருந்ததுதானே, நாம் பார்ப்பதுதானே தாமதம் என்று மனம் சமாதானமும் சொல்லும்.

அடுக்கும் வேலைக்கும் புதிய வேலைக்கும் உள்ள கோடு இங்கேதான் ஓடுகிறது. ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சோதனை நடக்கவில்லை. செப்டம்பரில் செய்வது புதிய தணிக்கை நடவடிக்கை. செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒளிக்காமல் செய்ய வேண்டும். அறிக்கைக்குப் பிறகு என்ன சூழ்நிலையில் இது தேவைப்பட்டது, என்ன செய்தோம், என்ன ஆதாரம் கிடைத்தது, அதனால் அறிக்கை பாதிக்கப்படுகிறதா, யார் செய்தார், யார் பார்த்தார், எந்தத் தேதியில் என்று அத்தனையும் எழுத வேண்டும். மே மாதத்திலேயே 42 லட்சமும் வந்துவிட்டது என்று தெரிந்தால், முடிவு மாறாது. ஃபைலில் ஒரு சங்கடமான குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். பீர் ரிவ்யூவுக்கு வருபவர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். ஆனால் பொய்க்காரர் என்று சொல்ல மாட்டார்.

பணம் வரவே இல்லை, பனியன் கம்பெனி பிப்ரவரியிலிருந்தே தள்ளாடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் கதை வேறு. கையெழுத்திட்ட தேதியிலேயே இருந்த ஓர் உண்மை இப்போது தெரியவந்திருக்கிறது. பார்ட்னர் நூற்பாலை நிர்வாகத்திடம் பேசி, பொதுக்குழுவுக்கு முன்பே கணக்கைத் திருத்த வேண்டுமா, அறிக்கையை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு ஜூலைத் தேதியைப் போட்டு மூடியிருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

பழைய தேதி போடுவது எவ்வளவு விலை கேட்கும் என்பதை பிரிட்டனில் பார்த்தார்கள். கட்டுமான நிறுவனமான கரிலியன் 2018 ஜனவரியில் விழுந்தது. அதன் ஆடிட்டர் கே.பி.எம்.ஜி.-யின் பிரிட்டன் நிறுவனம். அதன் ஊழியர்கள் சிலர், கரிலியன், ரீஜெனர்சிஸ் என்ற இரண்டு கம்பெனிகளின் ஆடிட் ஃபைல்கள் வழக்கமான தர ஆய்வுக்கு எடுக்கப்பட்டபோது, நடந்த கூட்டங்களின் குறிப்புகளைப் பின்னால் தயாரித்து, அன்றைக்கே எழுதியவை போல ஆய்வாளர்களிடம் கொடுத்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் நிறுவனமே ஒழுங்குமுறை அமைப்பிடம் சொன்னது. 2022-ல் தீர்ப்பாயம் 1.44 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. கவனிக்க வேண்டியது, இந்த அபராதம் ஆடிட் சரியாக நடந்ததா என்பதற்கானது அல்ல. ஆய்வாளரிடம் பொய்த் தாளைக் கொடுத்ததற்கு மட்டும்.

மாட்டிக்கொள்ளாமல் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குக் கணினியைப் பற்றி அதிகம் தெரியாது என்றே சொல்வேன். எக்செல் கோப்பு, தன்னை உருவாக்கியவர் யார், எந்த நாளில் உருவானது, கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்பதையெல்லாம் உள்ளேயே வைத்திருக்கிறது. ஜூன் மாதம் பார்த்ததாகச் சொல்லும் தாள் நவம்பரில் பிறந்திருந்தால் இரண்டு கிளிக்கில் தெரியும். அந்தத் தேதியை மாற்றக் கற்றவர்களும் வேறு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். சரிபார்த்ததாகக் கையெழுத்திட்ட மேனேஜர் அன்று திருமண விடுப்பில் இருந்திருப்பார். வேலையைச் செய்ததாகப் பெயர் போட்ட ஆர்டிக்கிள் ஒரு மாதம் முன்பே அலுவலகத்தை விட்டுப் போயிருப்பார். ஆகஸ்ட் தேதி போட்ட தாள், அலுவலகம் அக்டோபரில்தான் அறிமுகப்படுத்திய புதிய படிவத்தில் இருக்கும். ஆய்வாளர்கள் தேடுவது கணக்குப் பிழையை மட்டுமல்ல, இப்படி ஒன்றோடொன்று ஒட்டாத தேதிகளையும்தான். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆடிட்டர்களை 2018-லிருந்து தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் கண்காணிக்கிறது. ஃபைலைக் கேட்டுப் பெறும் அதிகாரம் அதற்கு உண்டு.

அடுக்கும் வேலை ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு நம் ஊர் நாட்காட்டியே பாதிக் காரணம். ஆகஸ்டில் கையெழுத்து என்றால், 60 நாளும் விழுவது செப்டம்பரில். அது வருமான வரித் தணிக்கையின் மாதம்; வழக்கமான கெடு செப்டம்பர் 30. அரசு கடைசி நேரத்தில் நீட்டித்தாலும் நீட்டிக்கும், ஆனால் அதை நம்பி யாரும் தூங்குவதில்லை. கம்பெனிகளின் பொதுக்குழுவும் அதே மாதக் கடைசியில். முடிந்துபோன ஆடிட்டின் ஃபைலைத் தொட யாருக்கு நேரம்? அக்டோபர் இரண்டாம் வாரத்தில் உட்காரும்போது ஞாபகம் மங்கியிருக்கும், வேலை பார்த்த பையன் பரீட்சை விடுப்பில் போயிருப்பான். அமெரிக்காவில் இதைக் குறுக்கிவிட்டார்கள். அங்கே பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆடிட்டர்களுக்கு முன்பு 45 நாள் இருந்தது. 2024-ல் அதை 14 நாளாக மாற்றினார்கள். பெரிய ஆடிட் நிறுவனங்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்து. காகிதக் கட்டுகளைத் தைத்து அடுக்கிய காலத்தில் இரண்டு மாதம் தேவைப்பட்டிருக்கும். எல்லாம் கணினியில் இருக்கும்போது அவ்வளவு நாள் எதற்கு என்பது நியாயமான கேள்வி. நம் 60 நாளும் ஒருநாள் சுருங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சுருங்கினால் நல்லது, புதிய வேலையைப் பழைய வேலையாக வேஷம் கட்டுவதற்கான நேரமும் சேர்ந்து குறையும்.

ஃபைல் மூடிய பிறகு? அக்டோபர் 11-க்குப் பின் நூற்பாலை ஃபைலில் எதையும் அழிக்க முடியாது. சேர்க்கலாம். ஓர் இணைப்புக் குறி தவறு, ஒரு குறிப்பு புரியவில்லை என்றால் விளக்கம் ஒன்றைத் தனியாக வைக்கலாம். ஏன் சேர்த்தோம், யார், எப்போது, யார் பார்த்தார் என்று எழுதிவிட்டுத்தான். பழைய தாள் தவறாகவே இருந்தாலும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

அழிப்பதைப் பற்றிப் பேசும்போது ஹூஸ்டனை விட்டுவிட முடியாது. ஆர்தர் ஆண்டர்சன், என்ரானின் ஆடிட்டர். அதன் உள் விதி, இறுதி ஃபைலில் சேர வேண்டியவை சேர்ந்ததும் தேவையற்ற வரைவுகளையும் குறிப்புகளையும் அழித்துவிடச் சொன்னது. தனியாகப் பார்த்தால் இது தவறான விதி இல்லை. நம் நூற்பாலையின் கூட்டல் பிழைத் தாள்களை எறிவதும் இதே விதிதான். 2001 அக்டோபர் 12 அன்று நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர், அந்த விதியை நினைவுபடுத்தி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். என்ரான் பெரிய நஷ்டத்தை அறிவிக்கப்போகிறது, பங்குச் சந்தை ஆணையம் விசாரிக்கக்கூடும் என்று உள்ளே பேச்சு அடிபட்ட நேரம் அது. அக்டோபர் 23-லிருந்து ஹூஸ்டன் அலுவலகத்தில் தாள்கள் இயந்திரத்தில் துண்டு துண்டாகின. ஆணையத்தின் அழைப்பாணை வந்த பிறகு, நவம்பர் 9 அன்றுதான் நின்றது. 2002-ல் நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. 2005-ல் ஜூரிக்குத் தந்த விளக்கம் தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் கலைந்துபோயிருந்தது. வழக்கமாக எறியும் தாளையே, விசாரணை வரும் என்று தெரிந்த பிறகு எறிந்தால் அது வேறு செயல்.

அதன் பிறகு அமெரிக்கா 2002-ல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கொண்டுவந்தது. ஆடிட் தாள்களுக்கு 7 வருடம். தெரிந்தே அழித்தால் சிறைகூட உண்டு. இந்தியாவில் ஆடிட் நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டு விதி, சாதாரணமாக அறிக்கைத் தேதியிலிருந்து 7 வருடத்துக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது. நம் நூற்பாலைக்கு அது 2032 ஆகஸ்ட் 12. தாய்க் கம்பெனி ஒன்று இருந்து, அதன் குழுக் கணக்கில் ஆடிட்டர் பிந்திக் கையெழுத்திட்டால் அந்தப் பிந்திய தேதியிலிருந்து எண்ண வேண்டும். கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இன்னொரு குழப்பம் சொந்தம் பற்றியது. ஆடிட்டர் மாறும் வருடத்தில் முதலாளி கேட்பார்: "ஏனுங்க சார், ஃபீஸ் கொடுத்தது நாங்க. ஃபைல் எங்களுதுதானுங்களே?" இல்லை. வேறு சட்டம் ஏதும் சொல்லாதவரை பணித்தாள்கள் ஆடிட்டருக்கே சொந்தம். விரும்பினால் சில பக்கங்களின் நகலைத் தரலாம், தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் காப்பாற்றும் பொறுப்பும் அவர் தலையில்.

காப்பாற்றுவது என்றால் அலமாரியில் பூட்டிவைப்பது மட்டுமல்ல, 2032-ல் திறந்து படிக்க முடிய வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான சிறிய அலுவலகங்கள் கோட்டைவிடுகின்றன. ஆடிட் மென்பொருளின் சந்தாவை மூன்றாம் வருடம் நிறுத்திவிடுவார்கள், கோப்பு இருக்கும், திறக்காது. கடவுச்சொல் பழைய மேனேஜரின் மனத்தில் இருக்கும், அவர் வேறு ஊரில் இருப்பார். குடோன் படங்கள் ஆர்டிக்கிளின் கைப்பேசியில், முதலாளியின் விளக்கம் வாட்ஸ்அப்பில், வங்கியின் பதில் ஒருவரின் சொந்த ஜிமெயிலில். ஃபைலைக் கட்டும்போதே இவற்றை இறக்கி உள்ளே சேர்க்காவிட்டால், அந்தப் பையன் கைப்பேசி மாற்றும் நாளில் ஆதாரம் போய்விடும். விவரம் அறிந்த அலுவலகங்கள் இறுதிக் கோப்புகளைப் பி.டி.எஃப். ஆகவும் மாற்றி, படிக்க மட்டும் முடியும் இடத்தில் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து பார்க்கின்றன.

7 வருடம் என்பதுகூடக் குறைந்தபட்சம்தான். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடி 2009 ஜனவரியில் வெளியே வந்தது. அதன் ஆடிட்டர்களுக்கு எதிராக செபி ஆணை பிறப்பித்தது 2018 ஜனவரியில். அந்த ஆணையில் இருந்த ஆடிட் தடையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-ல் நீக்கியது. பத்து வருடம் கடந்தும் பழைய ஆடிட் பற்றிய வாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே விசாரணையோ வழக்கோ வந்தால், வரும் என்று தெரிந்தாலே, அந்த ஃபைலுக்கு 7 வருடக் கணக்கு செல்லாது. 2032 ஆகஸ்ட் 12 தாண்டிய பிறகு நூற்பாலை ஃபைலை அழிப்பதற்கு முன், நிலுவையில் நோட்டீஸ் ஏதும் இல்லையா என்று ஒரு பார்ட்னர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எந்த ஃபைல், எந்தத் தேதியில், யார் சொல்லி அழிந்தது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். காகிதத்தோடு சர்வரில் உள்ள பிரதியும் பேக்கப்பில் உள்ள பிரதியும் சேர்ந்தே போக வேண்டும்.